பஸ் ஏறும் வீடியோ: வசனத்தை உடைத்த விதம்

பாளையங்கோட்டையில் அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு, டவுன் பஸ்ஸில் ஏறப் பழக்கும் வீடியோவுக்கு வசனம் எழுதினேன். முதல் வரைவில் ஒரு வரி: "பஸ் நின்றதும் ஏறி, டிக்கெட் வாங்கி உட்காருங்கள்." கேட்க ஒரு வாக்கியம்தான், ஆனால் உள்ளே நான்கு விஷயம் இருக்கிறது. ஒரு தம்பிக்கு 'ஏறி' மட்டும்தான் மனதில் நின்றது, நடித்துப் பார்த்தபோது பஸ் நிற்கும் முன்பே காலைத் தூக்கினார்.

அதனால் 'ஏறி', 'வாங்கி' போன்ற வினையெச்சங்களை எல்லாம் 'ஏறுங்கள்' என்பதுபோல் முற்றாக்கி, தனித்தனி வாக்கியமாகப் பிரித்தேன். ஏறும் பகுதி இப்படி வந்தது.

காட்சி 1: பஸ் வருகிறது. நில்லுங்கள்.
காட்சி 2: பஸ் நின்றது.
காட்சி 3: கம்பியைப் பிடியுங்கள்.
காட்சி 4: ஏறுங்கள்.

சொல்வதை மட்டுமே படம் காட்ட வேண்டும், பின்னால் கடையோ கூட்டமோ தெரிந்தால் கண் அங்கே போய்விடும். "ஓடாதீர்கள்" என்று ஓடுகிற ஆளைக் காட்டியதையும் எடுத்துவிட்டேன், சிலர் அந்த ஓட்டத்தையே பின்பற்றினார்கள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு சில விநாடி அமைதி விட்டேன்.

அப்புறம், "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமா என்றுதான் சொல்வார்கள். வீடியோவை நிறுத்தி, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அந்தத் தம்பி கையை நீட்டிக் கம்பியைக் காட்டினார். கூட்ட நேரத்தில் பஸ் தள்ளிப் போய் நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும் வீடியோவில் கொண்டுவர முடியவில்லை, அதை ஸ்டாப்பிலேயே கூட நின்று பழக்குகிறோம்.