பிரிவுகளில் ஜெயித்தது மொத்தத்தில் தோற்றால்: அட்டவணைப் படத்தை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் வகுப்புகளில் திரையிலிருந்து ஃபோனில் படம் பிடித்து மாணவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் அட்டவணை ஒன்று உண்டு. சிறுநீரகக் கல்லுக்கு இரண்டு சிகிச்சைகள். ஒன்று, உடலைக் கீறித் திறந்து செய்யும் அறுவை. மற்றது, முதுகுப் பக்கம் சிறு துளை போட்டுக் குழாய் வழியாகக் கல்லை எடுக்கும் பிசிஎன்எல். 1986-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின் எண்கள் இவை. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது, சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேருக்குக் குணமானது என்ற கணக்கு. 2 செ.மீ.க்குக் குறைவானது சிறிய கல், அதற்கு மேல் பெரிய கல்.

| | திறந்த அறுவை | பிசிஎன்எல் |
|---|---|---|
| சிறிய கல் | 81 / 87 (93%) | 234 / 270 (87%) |
| பெரிய கல் | 192 / 263 (73%) | 55 / 80 (69%) |
| மொத்தம் | 273 / 350 (78%) | 289 / 350 (83%) |

சிறிய கல்லிலும் திறந்த அறுவைதான் மேல், பெரிய கல்லிலும் அதுதான் மேல். இரண்டையும் கூட்டினால் பிசிஎன்எல் முந்திவிடுகிறது. இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் இதைப் பற்றி எழுதியது 1951-ல். யூல் என்ற புள்ளியியலாளர் 1903-லேயே கிட்டத்தட்ட இதையே சொல்லிவிட்டார், ஆனால் பெயர் என்னவோ சிம்ப்சனுக்குத்தான் போனது.

இப்படி ஒரு படம் கைக்கு வந்தால் பலரும் முதலில் நினைப்பது, "எங்கேயோ எண் தப்பாக அச்சாகியிருக்கிறது" என்றுதான். அப்படி நினைத்து ஒதுக்குவது ஒரு தவறு. எண்களைச் சரிபார்க்காமலே "ஆஹா, முரண்!" என்று குதிப்பதும் அதே அளவு தவறு. ஃபோட்டோவில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும், மடிந்த தாளில் ஓர் இலக்கம் நிழலுக்குள் போய்விடும். நல்லவேளையாக, இப்படிப்பட்ட அட்டவணை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். 263 என்பது 268 போலத் தெரிகிறதா? 87-ஐக் கூட்டுங்கள், 350 வரவேண்டும். அப்படியானால் 263-தான். குணமானவர்களையும் அதேபோலக் கூட்டலாம்: 81-ம் 192-ம் 273. அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் வகுத்து, அடைப்புக்குள் இருக்கும் சதவீதம் வருகிறதா என்று பாருங்கள். கூட்டலும் வகுத்தலும் ஒத்துப்போனால், எண்கள் சரி. தலைகீழாவது அச்சுப்பிழையால் அல்ல.

அடுத்த தவறு, வெட்டிய படத்தை நம்புவது. கடைசி வரிசையை மட்டும் வெட்டி அனுப்பினால் "பிசிஎன்எல் 83, அறுவை 78, முடிந்தது கதை" என்று ஆகிவிடும். மேல் இரண்டு வரிசைகளை மட்டும் அனுப்பினால் கதை எதிர்ப்பக்கம் போகும். இரண்டு துண்டுப் படங்களிலும் ஓர் எண்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இது ஆபத்து.

விளக்கம் இருப்பது சதவீதங்களில் அல்ல, பலரும் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போகும் வகுக்கும் எண்களில். 87, 263; 270, 80. இந்த நான்கையும் பாருங்கள். திறந்த அறுவைக்கு வந்த 350 பேரில் சிறிய கல் இருந்தவர்கள் 87 பேர், அதாவது கால் பங்கு. பிசிஎன்எல்லில் 270 பேர், முக்கால் பங்குக்கும் மேல். பெரிய கல்லை எந்த முறையில் எடுப்பதும் கடினம், அதில் இரண்டு முறைகளுமே எழுபது சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கின்றன. அந்தக் கடினமான வேலையில் பெரும்பகுதி திறந்த அறுவையின் தலையில் விழுந்திருக்கிறது. சுலபமான கற்களை அதிகம் வாங்கிக்கொண்ட பிசிஎன்எல்லின் மொத்தக் கணக்கு தானாகவே உயர்ந்துவிட்டது. மொத்தச் சதவீதம் சிகிச்சையின் திறமையை மட்டும் அளக்கவில்லை, யாருக்கு எந்த நோயாளி போனார் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

சரி, இதை எப்படிச் சமன் செய்வது? இங்கேதான் அடுத்த தவறு வருகிறது: சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது. செய்து பாருங்கள். அறுவைக்கு 93-ம் 73-ம் சேர்த்து சராசரி 83. பிசிஎன்எல்லுக்கு 87-ம் 69-ம் சேர்த்து 78. மொத்த வரிசையில் இருந்த அதே இரண்டு எண்கள், இடம் மாறி வந்து நிற்கின்றன! இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஆனால் சராசரி எடுப்பது சரியான முறை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். முறையான கணக்கு இது. எல்லோரையும் சேர்த்தால் 700 பேர். அவர்களில் சிறிய கல் 357 பேருக்கு, பெரிய கல் 343 பேருக்கு. இந்த 700 பேருக்கும் திறந்த அறுவையே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறோம். 357 பேரில் 81/87 பங்கு என்றால் சுமார் 332 பேர். 343 பேரில் 192/263 பங்கு, சுமார் 250 பேர். பின்னங்களையும் சேர்த்துக் கூட்டினால் 583 பேர், 83%. எல்லோருக்கும் பிசிஎன்எல் என்றால், இதே வழியில் 309-ம் 236-ம் சேர்ந்து 545 பேர், 78%. சாதாரண சராசரியிலும் இதே விடை வந்ததற்குக் காரணம், இந்த ஆய்வில் சிறிய கல்லும் பெரிய கல்லும் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாக இருந்ததுதான். 600 பேருக்குச் சிறிய கல், 100 பேருக்குப் பெரிய கல் என்ற கூட்டமாக இருந்தால் அறுவைக்கு 90, பிசிஎன்எல்லுக்கு 84 என்று வரும். சாதாரண சராசரியோ அப்போதும் 83, 78 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு சிகிச்சைகளுக்கும் சிறிய கல், பெரிய கல் நோயாளிகளின் ஒரே கலவையைக் கொடுத்தால், அது எந்தக் கலவையானாலும் சரி, அறுவைதான் முன்னால் நிற்கும். ஆளுக்கொரு கலவையைக் கொடுத்தால் மட்டுமே வரிசை மாறும்.

படத்தில் வெறும் சதவீதங்கள்தான் இருக்கின்றன, ஆள் எண்ணிக்கை இல்லை என்றால்? பலர் இங்கே கைவிட்டுவிடுகிறார்கள். இரண்டே பிரிவுகள் இருந்து, மொத்தமும் கொடுக்கப்பட்டிருந்தால் கலவையை நாமே கண்டுபிடித்துவிடலாம். அறுவையை எடுத்துக்கொள்வோம்: சிறியதில் 93, பெரியதில் 73, மொத்தம் 78. மொத்தத்திலிருந்து பெரியதைக் கழித்தால் 5. சிறியதிலிருந்து பெரியதைக் கழித்தால் 20. ஐந்தை இருபதால் வகுத்தால் கால் பங்கு, அதுதான் சிறிய கல்லின் பங்கு. பிசிஎன்எல்லுக்கு 14-ஐ 18-ஆல் வகுத்தால் 78%. உண்மையான எண் 77%, வித்தியாசம் முழு எண்ணாக்கியதால் வந்தது. இரண்டு பிரிவுகளின் சதவீதங்களும் மிக நெருக்கமாக இருந்தால் இந்த வழி உதவாது, முழு எண்ணாக்கிய பிழையே விடையை விழுங்கிவிடும்.

இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. ஒரு சிகிச்சையின் மொத்தச் சதவீதம் அதன் பிரிவுச் சதவீதங்களுக்கு இடையில்தான் இருந்தாக வேண்டும். 93-க்கு மேலோ 73-க்குக் கீழோ போனால் அது முரண் அல்ல. இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது படத்துக்கு வெளியே மூன்றாவது பிரிவு ஒன்று இருக்கிறது.

இதையெல்லாம் புரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. "பிரித்துப் பார்த்ததே எப்போதும் உண்மை, மொத்தம் எப்போதும் ஏமாற்று" என்று விதி வகுத்துக்கொள்வார்கள். கல்லின் அளவு விஷயத்தில் பிரித்துப் பார்ப்பது சரியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கல் எவ்வளவு பெரியது என்பது சிகிச்சைக்கு முன்பே முடிவான விஷயம். எந்தச் சிகிச்சை என்பதையும் அது பாதிக்கிறது, குணமாவதையும் அது பாதிக்கிறது.

இதற்கு மாறாக, பக்கவாதத்தைத் தடுக்கும் ஒரு ரத்த அழுத்த மாத்திரையை வைத்துக்கொள்வோம். மாத்திரை சாப்பிட்டு ஒரு மாதம் கழித்து அளந்த ரத்த அழுத்தத்தைக் கொண்டு நோயாளிகளை "அதிகம்", "குறைவு" என்று பிரித்தால் என்ன ஆகும்? அழுத்தத்தைக் குறைப்பதுதான் மாத்திரையின் வேலை. ஒரே அழுத்தம் உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டால் அந்த வேலையின் பலனைக் கணக்கிலிருந்து தூக்கி எறிந்தாயிற்று. மிச்சம் நிற்பது பக்கவிளைவு மட்டும். அதனால் இரண்டு பிரிவுகளிலுமே மாத்திரை மோசம் என்றும், மொத்தத்தில் நல்லது என்றும் வரலாம். குலுக்கல் முறையில் மாத்திரை கொடுத்திருந்தால், இங்கே நம்ப வேண்டியது மொத்தத்தைத்தான். இரண்டு அட்டவணைகளிலும் எண்கள் அச்சாக ஒன்றாகவே இருந்தாலும்கூட விடை வேறு. எந்த வரிசையை நம்புவது என்பதை எண்கள் சொல்லாது. பிரிக்கப் பயன்படுத்திய விஷயம் சிகிச்சைக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்று விசாரிக்க வேண்டும். படத்தில் பெரும்பாலும் அது இருக்காது. அட்டவணைக்கு மேலேயும் கீழேயும் உள்ள வரிகளையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கல் அட்டவணைக்கே திரும்பினால், "அப்படியானால் திறந்த அறுவைதான் சிறந்தது" என்று எழுதிவிடுவதும் அவசரம். சிறிய கல்லில் அறுவை செய்துகொண்டவர்களில் குணமாகாதவர்கள் 6 பேர்தான். இன்னும் 6 பேருக்கு மட்டும் குணமாகாமல் போயிருந்தால் 75/87, அதாவது 86.2% என்று பிசிஎன்எல்லுக்குக் கீழே இறங்கியிருக்கும். பெரிய கல்லில் பிசிஎன்எல் 80 பேருக்குத்தான். கூடுதலாக 4 பேர் குணமாகியிருந்தால் அது அறுவையைத் தாண்டியிருக்கும். இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

இன்னொன்று, இரண்டு சிகிச்சைகளும் ஒரே காலத்தில் நடக்கவில்லை. திறந்த அறுவைக் கணக்கு 1972 முதல் 1980 வரை, பிசிஎன்எல் கணக்கு 1980 முதல் 1985 வரை. இடையில் மாறிய எதையும் கல்லின் அளவு சரிசெய்துவிடாது. மேலும், வெற்றி என்று இங்கே எண்ணியது கல் போனதா என்பதை மட்டும்தான். பெரிய தழும்பு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்கள், வேலைக்குத் திரும்ப ஆகும் காலம் ஆகியவை இந்த ஆறு கட்டங்களில் எங்குமே இல்லை. இன்று 2 செ.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாகப் பரிந்துரைப்பது பிசிஎன்எல்தான். திறந்த அறுவை அபூர்வமாகிவிட்டது.