உங்கள் பீங்கான் கோப்பையை இப்படித்தான் பேக் செய்கிறோம்

இந்த வீடியோவில் இருப்பது இன்று கிளம்பும் ஒரு காபி கோப்பை. கோப்பை முதலில் உடையும் இடம் பெரும்பாலும் அதன் கைப்பிடிதான். அதனால் வேலையை அங்கிருந்தே தொடங்குகிறோம். மெல்லிய காகிதத்தைச் சுருட்டி, கைப்பிடியின் வளையத்துக்குள் இடைவெளி தெரியாத அளவுக்கு நிரப்புகிறோம். அப்புறம் கோப்பையின் உள்ளேயும் காகிதம். அழுத்தித் திணிப்பதில்லை, மெத்தென்று இருந்தால் போதும்.

அதன்மேல் பபிள் ராப் இரண்டு சுற்று. குமிழ்கள் பொருளைப் பார்த்து உள்பக்கமாக இருக்கட்டும். கைப்பிடிப் பக்கம் மட்டும் இன்னொரு சுற்று கூடுதலாகப் போடுவோம்.

சுற்றிய கோப்பை ஒரு சின்னப் பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டி இன்னொரு பெரிய பெட்டிக்குள். இரண்டுக்கும் நடுவே ஆறு பக்கமும் சுமார் 5 செ.மீ. இடம் விட்டு, கசக்கிய காகிதத்தால் இறுக்கமாக நிரப்புகிறோம். பார்சல் கீழே விழுந்தால் வெளிப்பெட்டியின் மூலை நசுங்கலாம். அந்த அடியை நடுவிலிருக்கும் காகிதம் வாங்கிக்கொள்ளும்.

சரி, கடைசியாக ஒரு சோதனை. பெட்டியைக் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குகிறோம். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் பிரித்து, இன்னும் காகிதம் வைக்கிறோம். சத்தமே இல்லாவிட்டால்தான் டேப்: நடுமடிப்பில் ஒன்று, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று.

பிரிக்கும்போது கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், டேப்பை மட்டும் கீறினால் போதும். கைப்பிடிக்குள் இருக்கும் காகிதத்தை இழுக்காமல், மெதுவாகப் பிரித்து எடுங்கள்.