94 மெகாபிட்டைத் தாண்டாத கணினி: கேபிள் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், சென்ற மாதம் ஒரு கணக்காயர் அலுவலகத்தில் சுவர்க்குழாய்க்குள் இருந்த கேட் 5இ கேபிளை உருவிவிட்டுக் கேட் 6ஏ இழுக்கத் தயாராக நின்றார். 300 மெகாபிட் இணைப்பில் கைப்பேசிக்கு வைஃபை வழியே 280 கிடைக்க, கேபிள் போட்ட கணினிக்கு 94 மட்டுமே கிடைத்தது என்பதுதான் அவர் சொன்ன காரணம். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே காரணத்துக்காக ஒரு வாடிக்கையாளரின் சுவரைப் பிரித்திருக்கிறேன் என்பதால், அவரை நிறுத்தி உட்காரவைத்துப் பேசினேன்.

கேபிளின் வகையைக் குற்றவாளியாக்குவது

94 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. 100 மெகாபிட் இணைப்பில், ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்புத் தகவலும் இடைவெளியும் போக மிஞ்சுவது ஏறத்தாழ 94தான். ஆகவே கணினியின் போர்ட் 1000க்குப் பதிலாக 100இல் ஓடுகிறது என்று பொருள். சரியாகப் போட்ட கேட் 5இ கேபிள் 100 மீட்டர் தூரத்துக்கு 1000 மெகாபிட்டைத் தாங்கும் என்பதால், அங்கே கேட் 6ஏ தீர்த்துவைக்கக்கூடிய பிரச்சினை எதுவும் இல்லை.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகளே போதும். 1000க்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கும் வேண்டும். இரு முனைப் போர்ட்களும் எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்வது ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் வழியாகத்தான். எனவே பழுப்பில் ஒரு கம்பி விட்டிருந்தாலும் அவை 1000 என்று ஒத்துக்கொள்கின்றன, பிறகு இணைப்பு அமையாததால் பெரும்பாலான போர்ட்கள் ஓசையில்லாமல் 100க்கு இறங்கிவிடுகின்றன. விளக்கு எரிகிறது, இணையம் வருகிறது, பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஆள் ஏமாறுவது இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது போர்ட் ஓடும் வேகத்தை. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

`1 Gbps` என்று வந்தால் கேபிளை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். அன்று வந்தது `100 Mbps`. என் மடிக்கணினியை ஒரு நல்ல பேட்ச் கார்டால் ரூட்டரில் நேராகச் செருகியபோது `1 Gbps` வந்ததால், ரூட்டரின் போர்ட் மீது பழுதில்லை என்று தெரிந்தது. பிறகு ரூட்டர் பக்கமும் மேசைப் பக்கமும் பேட்ச் கார்டுகளை மாற்றிப் பார்த்தோம். மேசையில் என் மடிக்கணினியும் 100தான் காட்டியது. மிஞ்சியது சுவர்ப்பகுதி. மேசையருகே சுவர்க் கேபிள் வந்து முடியும் ஐஓ பெட்டியின் மூடியைக் கழற்றினால், எட்டாவது பள்ளத்தில் பழுப்புக் கம்பி மேலோட்டமாக உட்கார்ந்திருந்தது. அதன் உறையைப் பள்ளத்தின் கத்தி வெட்டவே இல்லை, விரலால் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. பஞ்சிங் டூலால் ஒரு முறை அழுத்தியதும் `1 Gbps` வந்தது, வேகச் சோதனையில் 290ஐத் தாண்டியது.

என் பழைய தவற்றில் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது செலவு மட்டும் அன்று. புதுக் கேபிளை இழுத்தபோது ஐஓவையும் மறுபடி பஞ்ச் செய்தேன். வேகம் வந்தது அதனால்தான். நானோ கேட் 6தான் வேலை செய்தது என்று நம்பி, இரண்டு ஆண்டுகள் எல்லோருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மிச்சம் வைத்திருந்த அந்தப் பழைய கேபிளை வேறொரு தேவைக்காக இரு முனையும் கிரிம்ப் செய்து போட்ட நாளில், அது குறையில்லாமல் 1000இல் ஓடியது.

இரண்டு ஜோடியை இன்டர்காமுக்குக் கொடுப்பது

மின்பணியாளர் நீலத்தையும் பழுப்பையும் வேறு வேலைக்குப் பிரித்துவிட்டால், அந்தக் கேபிள் 100க்கு மேல் போகாது. இன்னொரு கேபிள் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நடுவில் நிற்கும் ஐபி தொலைபேசியை மறப்பது

கணினி அதன் வழியாகச் செல்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களின் போர்ட் 100தான்.

வேகத்தைக் கையால் பூட்டுவது

`Speed & Duplex` அமைப்பை `Auto Negotiation` என்றே விடுங்கள். ஒரு முனையை மட்டும் 100 முழு டூப்ளெக்ஸில் பூட்டினால் மறுமுனை, ஒரு நேரத்தில் அனுப்பவோ பெறவோ மட்டுமே செய்யும் அரை டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது வேகம் சில மெகாபிட்டுக்குச் சரிந்துவிடும்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்ததும் திருப்தியடைவது

அந்தச் சிறு கருவி கம்பி தொடர்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். நிறங்களை ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரு முனையிலும் வரிசையாக அடுக்கி கிரிம்ப் செய்தவருக்கும் எட்டு விளக்கும் ஒழுங்காகவே எரியும். ஆனால் 3ஆம் 6ஆம் இடங்களில் உள்ள கம்பிகள் ஒரே முறுக்கு ஜோடியில் இருக்க வேண்டும்; இங்கே அவை இரு வேறு ஜோடிகளுக்குப் போய்விட்டதால் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கலக்கிறது. இரண்டு மீட்டர் கேபிளில் இது வெளியே தெரியாமல் போகலாம். முப்பது மீட்டர் கேபிளில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டே இருக்கும், அப்போது பிளக்கின் கண்ணாடி வழியே நிறவரிசையைப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்: நீலமும் வெள்ளை-நீலமும் 4, 5ஆம் இடங்களில், அவற்றின் இருபுறமும் ஒரே ஜோடி, வழக்கமாகப் பச்சை, பிரிந்து நிற்க வேண்டும்.