லேஸ் சால்வையின் முனைகள் விரிய, ஊசியைக் கம்பிக்கு உள்பக்கம் குத்துங்கள்

பின்னி முடித்த முக்கோணக் கம்பளி லேஸ் சால்வை முதலில் சுருங்கிக் கசங்கிய துணி போலத்தான் இருக்கும். அதை ஈரத்தோடு இழுத்து விரித்து, ஊசி குத்திக் காயவைப்பதுதான் பிளாக்கிங். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள்.

முதலில் மேல் விளிம்பு. நீளமான பிளாக்கிங் கம்பியை விளிம்புத் தையல்களின் ஊடே, சில வரிசைக்கு ஒருமுறை உள்ளே வெளியே என்று கோர்த்து, நுரைப்பாயில் நேராக வைத்துக் குத்துங்கள். அடுத்து சால்வையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் நடுத்தண்டைக் கீழே இழுத்து, அதன் முனையில் ஒரு ஊசி. அப்புறம்தான் இரு பக்க விளிம்புகளிலும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கூர் முனைகள். வளையும் மெல்லிய கம்பியை ஒவ்வொரு முனையின் நுனித் தையலிலும் மட்டும் நுழையுங்கள். இடையிலுள்ள பள்ளங்களைக் கோர்த்தால் முனைகள் மழுங்கிவிடும்.

பலர் தவறுவது இங்கேதான்: ஈரச் சால்வை உள்நோக்கி இழுக்கும், அதனால் கம்பியின் வெளிப்பக்கம் குத்திய ஊசி எதையும் தாங்காது. கம்பியை வெளியே தள்ளி, சால்வை இருக்கும் பக்கத்தில் ஊசியை வெளிநோக்கிச் சாய்த்துக் குத்துங்கள். துளைகள் திறந்து நூல் இறுக்கமாக நின்றால் போதும். கம்பி இரு ஊசிகளுக்கு நடுவே உள்ளே வளைந்தால், அங்கே இன்னொரு ஊசி வேண்டும்.

முழுக்கக் காயாமல் எடுத்தால் முனைகள் மறுபடி சுருண்டுகொள்ளும். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அக்ரிலிக் நூலில் இந்த ஈர முறை நிலைக்காது. கம்பளியிலும் ஒவ்வொரு முறை துவைத்த பிறகு மீண்டும் விரித்துக் குத்த வேண்டும்.