மூன்று பெட்டி, முப்பது கிலோ

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வங்கிக் கணக்கு, சிம், வாடகை ஒப்பந்தம் பற்றியெல்லாம் இங்கே வழிசொல்ல ஆள் நிறைய உண்டு. ஊரிலிருந்து பெட்டி வரவழைப்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், காசு கொடுத்துக் கற்றது.

போன தீபாவளிக்குக் கும்பகோணத்தில் சித்தப்பா மூன்று பெட்டி கட்டினார். முறுக்கும் சீடையும் 6.2 கிலோ, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு 9.3, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை 2.1. கூரியர் கடையின் ரேட் கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: 10 கிலோ வரை கிலோவுக்கு 700 ரூபாய், 10-க்கு மேல் 600, 20-க்கு மேல் 520. மொத்தம் 17.6, சரி 18 என்று வைத்து, 10,800 ஆகும் என்றேன். பில் 19,700. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்து 23,246!

ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. அதிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் காசு, அதுவும் அடுத்த அரை கிலோவுக்கு ஏற்றி. முறுக்குப் பெட்டி 45×40×35, அதாவது 12.6, எனவே 13 கிலோ. பொம்மைப் பெட்டி 40×30×30, 7.2 வந்து 7.5 ஆனது. விளக்கு மட்டும் தராசு எடையிலேயே 9.5. ஆக 30 கிலோ.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் மூன்று பெட்டிக்கும் தனித்தனி பில் போட்டார், அதுதான் எரிச்சல். தனித்தனியாக 7,800, 6,650, 5,250. ஒரே பில்லில் மூன்று பெட்டி என்று பதிந்திருந்தால் 30 கிலோவுக்கும் 520 ரூபாய்தான், 15,600. சித்தப்பா கேட்கவில்லை, அவருக்கு யார் சொன்னார்கள்? பதிவதற்கு முன் "மொத்த எடைக்கா, பெட்டிக்குப் பெட்டியா ஸ்லாப்?" என்று நீங்களே போனில் கேளுங்கள்.

இன்னொன்று. முறுக்குப் பெட்டியில் பாதிக்குப் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தார். குத்துவிளக்கைத் திருகிக் கழற்றி, துண்டில் சுற்றி அடியில் வைத்து, முறுக்கு டின்களை மேலே அடுக்கியிருந்தால் ஒரு அட்டைப்பெட்டியே மிச்சம். அந்தப் பெட்டி 15 கிலோ இருக்கும், கன அளவு எடை அதே 12.6. காற்றுக்குக் கொடுத்த காசு பித்தளைக்குப் போயிருக்கும். பொம்மையோடு சேர்த்து 22.5 கிலோ, ஒரே பில்லில் 11,700 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

பெட்டி வாங்கும்போது அளவு எடுக்காதீர்கள், டேப் ஒட்டி முடித்தபின் எடுக்கச் சொல்லுங்கள். மேல்மூடி உப்பி உயரம் 35 என்பது 38 ஆனால் அந்த முறுக்குப் பெட்டி 14 கிலோ ஆகிவிடும். கடையில் அளப்பது உப்பிய இடத்தில்தான்.