மெயிலில் வாக்கியங்களுக்கு நடுவே ஓர் இணைப்புச் சொல்

மெயிலை அனுப்பும் முன், ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் விளைவா, அதற்கு மாறானதா, அடுத்த படியா என்று பார்த்து, அதைச் சொல்லும் சொல்லை அங்கே போடுங்கள்.

குன்னூரில் தங்கும் விடுதி நடத்துபவர் விருந்தினருக்கு இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: “பர்லியார் அருகே மண் சரிந்துள்ளது. கோத்தகிரி வழியாக வரலாம். முன்பதிவு உள்ளது. இ-பாஸ் எடுக்கவும்.” நான்கும் சரியான தகவல்தான். ஆனால் படிப்பவருக்குப் பயணமே ரத்தோ என்று தோன்றும், உடனே போன் வரும்.

இதையே இப்படி எழுதலாம்: “பர்லியார் அருகே மண் சரிந்துள்ளது. அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக வாருங்கள். இருந்தாலும் உங்கள் முன்பதிவில் மாற்றம் இல்லை. முதலில் இ-பாஸ் எடுங்கள், அதன் பிறகு புறப்படும் நேரத்தை எழுதுங்கள்.”

‘அதனால்’ வழி மாறியதற்குக் காரணம் காட்டுகிறது. ‘இருந்தாலும்’ ரத்து என்ற பயத்தை அங்கேயே நிறுத்துகிறது. தமிழில் ‘சரிந்ததால்’, ‘சரிந்தாலும்’ என்பவற்றில் உள்ள ‘-ஆல்’, ‘-ஆலும்’ வாக்கியத் துண்டின் கடைசியில்தான் வரும். காரணம் நீளமாக இருந்தால் அதுவரை படிப்பவர் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததை ‘அதனால்’ என்று தொடங்குவதே மேல். ‘மேலும்’, ‘மற்றும்’ இந்த வேலையைச் செய்யாது; அவை சேர்க்கும், தொடர்பைச் சொல்லாது.

ஒருவரிப் பதிலுக்கு இது தேவையில்லை. அறை வாடகை, சாப்பாட்டு நேரம் போன்ற தனித்தனித் தகவல்களுக்கும் வேண்டாம். அவற்றை வரிவரியாகப் போட்டால் போதும்.