திட்டத்தின் விலை 40, கட்ட வேண்டிய தொகை 48: இடைவெளி எங்கிருந்து வருகிறது?

இணையச் சேவை ஒன்றின் விலைப் பக்கத்தில் மாதம் 40 என்று போட்டிருக்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, முகவரியும் அட்டை விவரமும் கொடுத்து முடித்தபின், செக்அவுட் பக்கம் 48 கட்டச் சொல்கிறது. பெரும்பாலும் இந்த 8 வரியாகவே இருக்கும். அது வரிதானா, சரியான அளவில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சரிபார்க்கும் முறையை இங்கே பார்ப்போம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றே என்பதால் வெறும் எண்களையே எழுதுகிறேன். வரி விகிதத்தை 20% என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: விலை எந்த வகை என்று கண்டறிதல்

ஒரே 40 இரண்டு வெவ்வேறு பொருளில் எழுதப்படலாம். வரி நீங்கலான விலை என்றால், 40 விற்பவருக்குச் சேர வேண்டிய தொகை. வரி அதன்மேல் தனியாக ஏறும். வரி உட்பட்ட விலை என்றால், 40-தான் நீங்கள் கட்டும் முழுத்தொகை. வரி அதற்குள்ளேயே அடங்கியிருக்கும்.

எது என்பதை விலைக்குப் பக்கத்திலோ பக்கத்தின் அடியிலோ சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். `excl. tax`, `plus applicable taxes` போன்ற சொற்கள் வரி நீங்கலானது என்பதற்கும், `incl. VAT` போன்றவை வரி உட்பட்டது என்பதற்கும் அடையாளம். எதுவுமே எழுதப்படவில்லை என்றால் முடிவுக்கு வராமல் அடுத்த படிக்குச் செல்லுங்கள். குறிப்பு இல்லாததை வைத்து இரண்டில் எதையும் ஊகிக்க முடியாது.

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மட்டுமல்லாமல் பல இடங்களில் ஊருக்கு ஊரும் மாறுவதால், வரி நீங்கலான விலையைக் காட்டுவதே அங்கே வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபர் நுகர்வோருக்குக் காட்டும் விலை வரியையும் சேர்த்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. உலகம் முழுவதும் விற்கும் நிறுவனம் ஒரே விலைப் பக்கத்தை எல்லோருக்கும் காட்டும்போது, இந்த இரண்டு வழக்கங்களில் ஒன்று யாரோ ஒருவருக்குப் புரியாமல் போகிறது.

படி 2: முகவரி கொடுத்தபின் என்ன மாறுகிறது என்று பார்த்தல்

விலைப் பக்கத்தைத் திறக்கும்போது நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், நிறுவனமாக வாங்குகிறீர்களா, தனிநபராக வாங்குகிறீர்களா என்பது விற்பவருக்கு உறுதியாகத் தெரியாது. மின்னணுச் சேவைகளுக்குப் பல நாடுகள் வாங்குபவர் இருக்கும் இடத்தை வைத்தே வரி விதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் இதுவே நடைமுறை. ஆகவே வரி விகிதம் செக்அவுட்டில் நாட்டையும் அஞ்சல் குறியீட்டையும் நிரப்பிய பிறகே முடிவாகிறது.

இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். முகவரியை நிரப்புவதற்கு முன் `Total` என்ற இடத்தில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, நிரப்பியபின் மீண்டும் பாருங்கள். 40 என்பது 48 ஆனால் விலை வரி நீங்கலானது. முழுத்தொகை 40-லேயே நின்று, வரி என்று மட்டும் ஒரு சிறிய எண் புதிதாகத் தோன்றினால் விலை வரி உட்பட்டது. உங்கள் உண்மையான முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். வரி குறையட்டும் என்று வேறு நாட்டைக் கொடுத்தால், அட்டை வழங்கப்பட்ட நாட்டோடு அது பொருந்தாமல் பணம் மறுக்கப்படலாம், இன்வாய்ஸும் உங்கள் கணக்குக்கு உதவாமல் போகும்.

படி 3: கணக்கை நீங்களே போட்டுப் பார்த்தல்

வரி நீங்கலான விலைக்குப் பெருக்கினால் போதும்.

```
40 × 1.20 = 48.00   (வரி 8.00)
```

வரி உட்பட்ட விலைக்குப் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

```
40 ÷ 1.20 = 33.33
40 − 33.33 = 6.67   (வரி)
```

40-இல் 20% என்பது 8 ஆயிற்றே, வரி ஏன் 6.67 என்ற கேள்வி எழுவது இயல்பு. 20% என்ற விகிதம் வரி சேர்வதற்கு முந்தைய தொகையின்மீது கணக்கிடப்படுவது. இங்கே அந்த அடிப்படைத் தொகை 40 அல்ல, 33.33. 40-இலிருந்து நேராக 8-ஐக் கழித்து 32 என்று எடுத்துக்கொண்டால், அந்த 32-க்கு 20% வரி 6.40 ஆகிறது, இரண்டையும் கூட்டினால் 38.40 வருகிறது, 40 திரும்பக் கிடைக்கவில்லை. எந்த வரிப் பிரிப்பையும் இப்படித் திரும்பக் கூட்டிப் பார்த்தால் பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

படி 4: ஆண்டுத் திட்டத்தையும் கூப்பனையும் தனியாகப் பிரித்தல்

விலைப் பக்கத்தில் மாதம் 30 என்று பெரிதாகக் காட்டி, ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டச் சொல்லும் திட்டங்களில் இரண்டு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. 30-க்குப் பதிலாக 432 தெரியும்போது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். முதலில் 12-ஆல் வகுத்தால் 36, அதை 1.20-ஆல் வகுத்தால் 30 என்று பழைய எண் வந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய தாவலுக்குக் காரணம் வரியைவிடக் கட்டணக் காலமே என்பதும் இதில் தெளிவாகிறது. ஆண்டுத் தொகையை விலைப் பக்கத்திலேயே எழுதிவிடுவதுதான் வாங்குபவருக்குச் செய்யும் நேர்மை என்பது என் உறுதியான கருத்து.

கூப்பன் பொதுவாக வரிக்கு முன்பே கழிக்கப்படும். வரி நீங்கலான 40-க்கு 5 தள்ளுபடி என்றால், மீதி 35-க்கு வரி 7 சேர்ந்து 42 வரும். 48 கட்ட வேண்டிய இடத்தில் 42 என்பதால், 5 தள்ளுபடி உங்களுக்கு உண்மையில் 6 மிச்சப்படுத்துகிறது. செக்அவுட் 43 காட்டினால் வரி கணக்கிட்ட பிறகு கூப்பன் கழிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை விற்பவரிடம் கேட்பது நியாயம்.

படி 5: நிறுவனமாக வாங்கினால் வரிப் பதிவு எண்ணைப் பதித்தல்

செக்அவுட்டில் வரிப் பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள். வேறு நாட்டிலிருக்கும் விற்பவரிடம் வாங்கும்போது, வரியை விற்பவர் வசூலிக்காமல் வாங்கும் நிறுவனமே தன் அரசுக்குச் செலுத்தும் முறை பல நாடுகளில் உண்டு. எண் ஏற்கப்பட்டால் 48 மீண்டும் 40 ஆகிவிடும். அந்த வரி மறைந்துவிடவில்லை, உங்கள் நிறுவனத்தின் வரிக் கணக்கில் அது இடம்பெற வேண்டும். கட்டிய பிறகு எண்ணைச் சேர்த்தால் பழைய இன்வாய்ஸ் தானாகத் திருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

படி 6: ஒரு காசு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுதல்

கணக்கு எல்லாம் பொருந்தியும் கடைசி இலக்கம் மட்டும் தவறினால், அது முழுமையாக்கலின் விளைவு. ஒருவருக்கு 9.99 வீதம் மூன்று பேருக்கு வாங்கினால் மொத்தம் 29.97, அதற்கு வரி 5.994, அதாவது 5.99. ஆளுக்கு ஆள் வரியைக் கணக்கிட்டால் 1.998 என்பது 2.00 ஆகி, மூன்றுக்கும் 6.00 வரும். இரண்டில் எந்த முறையைப் பின்பற்றுவது என்பது விற்பவரின் மென்பொருளைப் பொறுத்தது, 35.96, 35.97 இரண்டில் எது வந்தாலும் புகார் செய்யத் தேவையில்லை.

வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்து, எந்த வகுத்தலுக்கும் அகப்படவில்லை என்றால், `Subtotal` என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணே விலைப் பக்கத்து எண்ணிலிருந்து விலகியிருந்தால் சிக்கல் வரியில் இல்லை; நாணய மாற்றமோ, கூடுதலாகச் சேர்ந்துவிட்ட பயனர் இருக்கையோ, கேட்காமலே இணைக்கப்பட்ட துணைச் சேவையோ அங்கே இருக்கும்.